பிரபலங்களின் பெயரையாவது கருவி சொல்லட்டும் என்று கேட்கும் பட ஆசிரியர்களுக்கு

அன்புள்ள பட ஆசிரியர்களுக்கும் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

படத்தைப் பார்த்து விளக்கம் எழுதித் தரும் கருவிகள்மீது உங்களுக்குள்ள மனக்குறையை நான் அறிவேன். ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் மேடையின் நிறம், பதாகையில் உள்ள எழுத்து, மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குவளை வரை எழுதிவிடுகின்றன. நடுவில் நிற்பவர் யார் என்று கேட்டால் மட்டும் மறுத்துவிடுகின்றன. வழியில் போகிறவரின் பெயரைச் சொல்லாததில் உங்களுக்கு வருத்தம் இல்லை. ஊரறிந்த தலைவரையும் விளையாட்டு வீரரையும் நடிகையையும்கூடவா சொல்லக் கூடாது என்பதுதான் உங்கள் கேள்வி. பிரபலமானவர்களுக்கு மட்டுமாவது தடையைத் தளர்த்தும்படி கருவிகளை உருவாக்குவோரிடம் கூட்டாகக் கேட்கலாம் என்ற பேச்சும் நம் தொழிலில் அடிபடுகிறது.

நானும் படக்குறிப்பு எழுதிப் பிழைப்பவன்தான். அப்படி ஒரு கோரிக்கை வந்தால் அதில் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். தெரியாதவரின் பெயரைச் சொல்ல மறுப்பதையும் தெரிந்தவரின் பெயரைச் சொல்ல மறுப்பதையும் நீங்கள் இரண்டு தடைகளாகப் பார்க்கிறீர்கள். உள்ளே அவை ஒரே தடை. இரண்டாவதை எடுத்துவிட்டால் முதலாவது நிற்காது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், நாம் ஒரே பெயரில் அழைக்கும் இரண்டு இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்போம். முக அடையாளம் காண்பதற்கென்றே செய்யப்பட்ட மென்பொருள் ஒன்று. அது ஒரு முகத்தை எண்களின் வரிசையாக மாற்றுகிறது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். பிறகு அந்த வரிசையை, முன்பே பெயரோடு சேர்த்து வைத்த முகங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டு, எவ்வளவு நெருக்கம் என்று ஒரு மதிப்பெண் தருகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் ஒரே ஆள் என்று கொள்வது என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள்.

நீங்கள் விளக்கம் கேட்கும் கருவி வேறு வகை. அதனிடம் பெயர் ஒட்டிய முகங்களின் பட்டியல் எதுவும் தனியாக இல்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு வந்த எழுத்தையும் சேர்த்துப் படித்துப் பழகியது அது. ஒரு முகத்தோடு ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அந்தத் தொடர்பு உள்ளே எங்கோ படிந்திருக்கும். ஆனால் முகம் மட்டும் தனியாகப் படியவில்லை. கூடவே உடையும் மேடையும் ஒலிவாங்கியும் பின்னணித் திரையும் படிந்திருக்கின்றன. கறுப்பு உயர்கழுத்துச் சட்டை, மெல்லிய வட்டக் கண்ணாடி, பின்னால் பெரிய திரை என்று சொன்னாலே முகத்தைக் காட்டாமலேயே உங்கள் மனதில் ஒரு பெயர் வந்துவிடுகிறது அல்லவா? இந்தக் கருவிக்கும் அப்படித்தான் வரும். அந்த உடையை அணிந்து அதே பாணியில் நிற்கும் ஒரு கல்லூரி மாணவனுக்கும் அதே பெயர் வரக்கூடும். முக மென்பொருளாவது ஒரு மதிப்பெண்ணைத் தரும். குறைவாக இருந்தால் சந்தேகப்படலாம். விளக்கக் கருவி தருவது ஒரு வாக்கியம். சரியான பெயரும் தவறான பெயரும் அதே சரளத்தோடு, அதே நம்பிக்கைத் தொனியில் வரும். படித்துப் பார்த்து இது எது என்று பிரிக்க உங்களுக்கு வழி இல்லை.

மதிப்பெண் தரும் மென்பொருளையே உள்ளே பொருத்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிரபலமானவர்கள் ஒரு லட்சம் பேரின் பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முகத்தை வேறொருவருடையது என்று மென்பொருள் தவறாகக் கொள்ளும் வாய்ப்பு, ஓர் ஒப்பீட்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிகத் துல்லியமானதாகத் தெரிகிறது. ஆனால் படத்தில் உள்ள ஒவ்வொரு முகமும் அந்த ஒரு லட்சம் பேரோடும் ஒப்பிடப்படுகிறது. ஆகவே பட்டியலில் இல்லாத ஒருவருக்கு ஏதோ ஒரு பிரபலத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று ஆகிவிடுகிறது. பத்துப் பேர் நிற்கும் ஒரு குழுப் படத்தில் சராசரியாக ஒருவருக்குத் தவறான பெயர். கூட்டத்தைக் காட்டும் படங்களை நாளெல்லாம் கையாளும் நமக்கு இதன் பொருள் விளங்கும். வாய்ப்பைக் குறைக்க, ஒரே ஆள் என்று கொள்ளும் மதிப்பெண் எல்லையை உயர்த்தினால், சாய்ந்த முகம், மங்கிய வெளிச்சம், பழைய அச்சுப் படம் எல்லாவற்றிலும் உண்மையான பிரபலத்தையே மென்பொருள் தவறவிடும். பெயர் தெரியாமல் நீங்கள் திண்டாடுவது அந்த மாதிரிப் படங்களில்தானே.

இது வெறும் தாள்கணக்கு இல்லை. 2018இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் அமேசானின் முக ஒப்பீட்டுச் சேவையில் ஒரு சோதனை செய்தது. கைதானவர்களின் படங்கள் 25,000 கொண்ட ஒரு தொகுப்போடு அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரையும் ஒப்பிட்டது. 28 உறுப்பினர்களைக் கைதானவர்கள் என்று சேவை காட்டியது. எல்லையை உயர்த்தியிருக்க வேண்டும் என்று நிறுவனம் பதில் சொன்னது. சோதித்தவர்கள் பயன்படுத்தியது சேவையோடு இயல்பாக வரும் 80 சதவீத எல்லையைத்தான். அடுத்த ஆண்டு இறுதியில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட அறிக்கை, பல மென்பொருள்களில் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முகங்களுக்குத் தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருப்பதைக் காட்டியது. மேலே நான் போட்ட கணக்கு எல்லா முகங்களுக்கும் ஒரே மாதிரி இராது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்னும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். துல்லியம் நூறு சதவீதமாகவே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உங்கள் கோரிக்கையில் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கும். ஒரு முகம் பிரபலமானதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதை அளந்து பட்டியலோடு ஒப்பிடுவதுதான். அமைச்சரை அளக்கும் அதே நொடியில் அவருக்குப் பின்னால் குடை பிடித்து நிற்பவரையும், ஓரத்தில் தாயின் தோளில் தூங்கும் குழந்தையையும் அளந்தாக வேண்டும். அளந்த பிறகுதான் இவர்கள் பட்டியலில் இல்லை என்று சொல்ல முடியும். தனிப்பட்டவர்களை விட்டுவிடுகிறோம் என்பது பேச்சளவில்தான். செயலில் எல்லோருடைய உடல் அளவீடும் எடுக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை அடையாளம் காண எடுக்கப்படும் இத்தகைய அளவீட்டைத் தனிக் காப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008இலேயே, முன்னனுமதி இல்லாமல் முக அளவீட்டைச் சேகரிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கில்தான் ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

பிரபலம் என்பதற்கு எல்லை எது என்று யோசித்தீர்களா? நாடாளுமன்ற உறுப்பினர் சரி. அவருடைய பள்ளி செல்லும் மகள்? ஒரே ஒரு காணொளியால் ஒரு வாரம் எல்லோர் வாயிலும் அடிபட்டு, அதன்பிறகு மறக்கப்படவே விரும்பும் ஒருவர்? இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குற்ற வழக்கில் படம் வெளியாகி, விடுதலையாகி, வேறு ஊரில் வேலை பார்ப்பவர்? இணையத்தில் இவர்களின் படமும் பெயரும் ஏராளமாக இருப்பதால் படித்துப் பழகிய கருவியின் பார்வையில் இவர்களும் பிரபலங்கள்தான். செய்தியில் எவ்வளவு முறை வந்தார் என்பதைக் கருவி எண்ணும். வர விரும்பினாரா என்பதை எண்ணாது.

கருவிகள் ஆமா இல்லையா என்ற கேள்விக்கும் பதில் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. "பெயரைச் சொல்ல வேண்டாம், இவர் இன்னார்தானா என்று மட்டும் உறுதி செய்" என்று கேட்பது பலருக்கும் நியாயமான நடுவழியாகத் தோன்றுகிறது. பத்துப் பெயரை அடுத்தடுத்துக் கொடுத்து எதற்கு ஆமா வருகிறது என்று பார்த்தால் போதும், பெயர் கிடைத்துவிடும். சில பெயர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு பெயருக்கு மட்டும் பதில் சொல்ல மறுத்தால் அந்த மறுப்பே பதிலாகிவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மறுப்பதுதான் ஓட்டை இல்லாத மறுப்பு. நீங்களாகவே இவர் இன்னார் என்று சொல்லிவிட்டால் நல்ல கருவி அதை உங்கள் கூற்றாக ஏற்று, "நீங்கள் குறிப்பிட்டபடி" என்று சேர்த்து வேலையைத் தொடரும். முகத்தை வைத்து அதைச் சரிபார்க்காது.

தவறான பெயரால் விளையும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2020 ஜனவரியில் டெட்ராய்ட் காவல் துறை ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை அவர் வீட்டு வாசலில், மனைவி மக்கள் முன்னிலையில் கைது செய்தது. கடிகாரங்கள் திருடுபோன கடையின் கண்காணிப்புக் காணொளியிலிருந்து எடுத்த மங்கலான ஒரு படத்தை மென்பொருள் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருத்திக் காட்டியிருந்தது. அவர் அந்த ஆள் இல்லை. 2024இல் முடிந்த சமரசத்தின்படி, மென்பொருளின் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்று அந்நகரக் காவல் துறைக்கு விதி வந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: மென்பொருள் தந்தது புலனாய்வுக்கான ஒரு தடயம் மட்டுமே. அதைப் பெயராக்கி எழுதியது மனிதர்கள். படத்தின்கீழ் பெயரை எழுதுவது நம் தொழில். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்.

சரியான பெயரும் கேடு செய்யும், சில வேளைகளில் தவறானதைவிட அதிகமாக. போராட்டக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பவர், மருத்துவமனை வரிசையில் காத்திருப்பவர், வன்முறைக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த பெண் ஆகியோருக்குக் கருவி எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. 2020இல் கிளியர்வியூ நிறுவனம் இணையத்திலிருந்து அனுமதியின்றி முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, முகத்தைக் கொண்டு ஆளைத் தேடும் வசதி நடத்துவது வெளியானபோது உலகம் அதிர்ந்தது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் அப்படிக் கண்ட இடத்திலெல்லாம் முகங்களை அள்ளித் தரவுத்தளம் கட்டுவதை இப்போது தடை செய்திருக்கிறது.

சரி, பெயர் இல்லாமல் என்ன கிடைக்கிறது? ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். விருது வழங்கும் விழா. நீண்ட மேசைக்குப் பின்னால் நான்கு பேர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் இடது ஓரம் நின்று ஒலிவாங்கியில் பேசுகிறார். மேசையில் மூன்று பெயர்ப்பலகைகள் படிக்கத் தெரிகின்றன. இன்னொன்று பூங்கொத்தால் மறைந்திருக்கிறது. பின்னால் பதாகையில் அமைப்பின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன, வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. கருவி நன்றாக வேலை செய்தால் ஏறத்தாழ இப்படி எழுதும்:

"உள்ளரங்க மேடையில் ஐந்து பேர். இடது ஓரத்தில் சாம்பல் நிறக் கோட் அணிந்த ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று, வலது கையை உயர்த்திப் பேசுகிறார். மேசைக்குப் பின்னால் நால்வர் அமர்ந்திருக்கிறார்கள். இடமிருந்து இரண்டாவதாக இருப்பவர் நீல நிறச் சேலை அணிந்து, குனிந்து ஒரு தாளைப் படிக்கிறார். முதல், மூன்றாம், நான்காம் இருக்கைகளின் முன் உள்ள பலகைகளில் இன்னின்ன பெயர்கள் தெரிகின்றன. இரண்டாம் இருக்கையின் பலகை பூங்கொத்தால் மறைந்துள்ளது. முகங்களைக் கொண்டு யாரையும் அடையாளம் சொல்ல இயலாது."

இதில் பெயர் வந்திருக்கிறது என்பதைப் பார்த்தீர்களா? கருவி பெயருக்கே எதிரி இல்லை. முகத்திலிருந்து பெயரை எடுப்பதைத்தான் மறுக்கிறது. எழுத்தில் இருக்கும் பெயரைப் படித்துச் சொல்கிறது. எங்கே படித்தது என்றும் சொல்கிறது. புகழ்பெற்ற ஓவியத்தையும் சிலையையும் கார்ட்டூன் கதாபாத்திரத்தையும் பெரும்பாலான கருவிகள் தயங்காமல் பெயரிடுவதும் இதனால்தான்: அங்கே அறியப்படுவது ஒரு படைப்பு, உயிருள்ள ஓர் ஆளின் உடல் அளவு இல்லை.

மேலே உள்ள விளக்கத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. "மூன்றாவதாக அமர்ந்திருப்பவர் இன்னார்" என்று அது எழுதவில்லை. "மூன்றாம் இருக்கையின் முன் இந்தப் பெயர்ப்பலகை" என்றுதான் எழுதியது. பெயர்ப்பலகை சொல்வது இருக்கை யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை; அதில் யார் உட்கார்ந்தார் என்பதை அது சொல்லாது. விழாவுக்கு வர முடியாதவர் தன் துணை அலுவலரை அனுப்புவார். பேசிவிட்டு வந்தவர் காலியாக இருந்த வேறு நாற்காலியில் அமர்வார். நம் படத்திலேயே ஒலிவாங்கியில் பேசுபவர் அந்த நால்வரில் ஒருவருடைய இருக்கையிலிருந்து எழுந்து வந்தவராக இருக்கலாம். அவர் எழுந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். விளையாட்டுச் சட்டையின் எண்ணும் இப்படித்தான். அணியும் போட்டியும் தேதியும் சேர்ந்தால்தான் எண் ஒரு பெயராகும். அடுத்த ஆண்டு அதே எண்ணை வேறொருவர் அணிவார். மைதானத்துக்கு வெளியே ரசிகர்களும் அணிவார்கள். கருவி எண்ணையும் நிறத்தையும் சொல்லட்டும். ஆட்டக்காரர் பட்டியலை எடுத்துப் பார்ப்பது நம் வேலை.

நல்ல விளக்கம் உணர்ச்சியையும் இதே கண்டிப்போடு கையாள்கிறது. "கோபமாக இருக்கிறார்" என்பதற்குப் பதில் "புருவத்தைச் சுருக்கி, வாயைத் திறந்து, விரலை நீட்டியிருக்கிறார்" என்று எழுதுகிறது. நம் படக்குறிப்புகளில் இந்தக் கட்டுப்பாடு குறைவு. தும்மலுக்கு முந்தைய நொடியில் எடுத்த படத்தின்கீழ் ஆவேசம் என்று எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி, வயது, பாலினம் ஆகியவற்றை ஊகிக்கும் வசதிகளைத் திரும்பப் பெற்றது. உணர்ச்சி என்பதற்கே ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை இல்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. முகத்தைப் பார்த்து மதம், சாதி, இனம், நோய் என்று ஊகிப்பதை நல்ல கருவி தொடவே தொடாது. கழுத்தில் தெரியும் சின்னத்தை அது சொல்லும். அணிந்தவரின் நம்பிக்கை என்ன என்று சொல்லாது.

உங்கள் பக்க வாதங்களில் என்னால் எளிதாகத் தள்ள முடியாத ஒன்று உண்டு. பார்வையற்ற வாசகர். பார்க்க முடிந்தவர் படத்தைப் பார்த்த நொடியில் அது யார் என்று அறிந்துவிடுகிறார். திரைவாசிப்பான் வழியே கேட்பவருக்கு மட்டும் "ஒரு நபர் ஒலிவாங்கியின் முன்" என்று வருகிறது. இது ஏற்றத்தாழ்வுதான். ஃபேஸ்புக் 2017 இறுதியில் தானியங்கி மாற்று உரையில் நண்பர்களின் பெயர்களைச் சேர்க்கத் தொடங்கியது. பார்வையற்றோர் பலருக்கு அது பெரிய வசதியாக இருந்தது. 2021 நவம்பரில் நிறுவனம் முக அடையாள அமைப்பையே மூடி, நூறு கோடிக்கு மேற்பட்டவர்களின் முக அளவீடுகளை அழிப்பதாக அறிவித்தபோது அந்த வசதியும் போனது. அந்த இழப்பைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. அறிமுகமானவர்கள் விஷயத்தில் ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது: மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ செயலியில், பயன்படுத்துபவர் தன் நண்பரின் படத்தைத் தானே எடுத்துப் பெயர் கொடுத்துப் பழக்கலாம். அங்கே பட்டியல் சிறியது, பட்டியலில் இருப்பவருக்கும் விஷயம் தெரியும்.

ஆனால் செய்திப் படத்தில் அந்த வாசகருக்குப் பெயர் கிடைக்காமல் போவதற்குக் கருவி எந்த அளவுக்குப் பொறுப்பு? படம் எடுத்தவர் அந்த இடத்தில் இருந்தார். பேசியவர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கோப்பில் படக்குறிப்பைப் பதிந்து அனுப்பினார். உலகெங்கும் செய்தித் துறையில் புழங்கும் ஐபிடிசி தரத்தில், படத்தில் இருப்பவரின் பெயருக்கென்றே `PersonInImage` என்ற தனிப் புலம் இருக்கிறது. அதன்பிறகு நாம் என்ன செய்கிறோம்? படத்தை வெட்டுகிறோம், திரைப்பிடிப்பு எடுத்துத் தகவல் செயலியில் அனுப்புகிறோம், அளவைக் குறைத்துத் தளத்தில் ஏற்றுகிறோம். இவற்றில் ஏதோ ஒரு படியில் பதிந்த தகவல் உதிர்ந்துவிடுகிறது. மாற்று உரைக் கட்டத்தைக் காலியாக விடுகிறோம், அல்லது கோப்பின் பெயரையே அதில் ஒட்டுகிறோம். தெரிந்திருந்த பெயரை நாமே தொலைத்துவிட்டு, முகத்திலிருந்து மீட்டுக் கொடு என்று இயந்திரத்திடம் கேட்கிறோம்.

கருவிகளை உருவாக்குவோர்மீதும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. சில கருவிகள் படத்தில் மனித முகம் தெரிந்தவுடனேயே பயந்து, "நபர்கள் உள்ள படங்களுக்கு உதவ இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பதாகையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரைக்கூடப் படிக்க மறுக்கின்றன. அது எச்சரிக்கை இல்லை, சோம்பல். இன்னும் சில, பெயரைச் சொல்லாமல் "ஒரு முக்கிய அரசியல் தலைவர் போல் தோன்றுகிறார்" என்று கண்ணடிக்கின்றன. மறுத்ததும் இல்லை, பொறுப்பேற்றதும் இல்லை. இதைவிட நேராகப் பெயரைச் சொல்லித் தவறுவதே மேல். உங்கள் கூட்டுக் கோரிக்கை இந்த இரண்டையும் எதிர்த்து வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

அதில் இவற்றைக் கேளுங்கள். படத்தோடு பதிந்து வரும் படக்குறிப்பையும் பெயர்ப் புலத்தையும் கருவி படிக்க வேண்டும். விளக்கத்தில் ஒரு பெயர் வந்தால் அது கோப்பிலிருந்து வந்ததா, படத்தில் உள்ள எழுத்திலிருந்து வந்ததா, நாம் சொன்னதா என்று ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். மறுப்பு முகத்தோடு நிற்க வேண்டும், படத்தின் மற்ற பகுதிக்குப் பரவக் கூடாது. "இடமிருந்து வலம்" என்று நாம் பெயர் வரிசை கொடுத்தால், வரிசையில் ஆறு பெயரும் படத்தில் ஐந்து பேரும் இருப்பதை அது சுட்டிக்காட்ட வேண்டும். ஆட்களை எண்ணிச் சொல்வதற்கு யாருடைய முகத்தையும் அறிய வேண்டியதில்லை. படம் இடவலமாகத் திருப்பப்பட்டிருந்தால் பதாகை எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரியும். அதையும் கவனித்துச் சொல்ல வேண்டும். நம் திருத்தப் பக்கங்களில் வரும் பெயர்ப் பிழைகளில் கணிசமானவை இந்த இரண்டு காரணங்களால் வருபவை என்பது உங்களுக்கே தெரியும்.

காப்பகங்களில் கிடக்கும் பழைய படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எடுத்தவர் இல்லை, குறிப்பு இல்லை, முகம் மட்டும் இருக்கிறது என்ற நிலையில்தான் ஆசை அதிகம் வருகிறது. அங்கேயும் விளக்கத்தை வைத்தே வெகுதூரம் போகலாம். கட்டடம், பேருந்தின் பதிவெண், சுவரொட்டியின் தேதி, சீருடையின் தோள்பட்டைச் சின்னம் என்று கருவி எழுதித் தரும் ஒவ்வொன்றும் தேடலுக்கு ஒரு பிடி. அவற்றைக் கொண்டு நாளையும் நிகழ்ச்சியையும் கண்டுபிடித்து, அன்றைய செய்தித்தாளை எடுத்தால் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் பெயர்ப் புலத்தில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். எந்த நாளிதழ், எந்தத் தேதி, யாரிடம் கேட்டோம் என்ற தேடல் குறிப்பையும் அதன் கீழேயே சேர்த்து வையுங்கள். அடுத்து அந்த உறையைத் திறப்பவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
படக்குறிப்பு எழுதும் உங்கள் சக தொழிலாளி